அனிமேஷன் படத்துக்கு ஸ்பாட்டிங்: இசை எங்கே நுழையும், எங்கே ஏறும், எங்கே வாய் மூடும்

இசையமைப்பாளரோடு உட்கார்ந்து படத்தை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, இசை இந்த ஃப்ரேமில் நுழையும், இங்கே ஏறும், இங்கே நிற்கும் என்று குறித்துக்கொள்வதுதான் ஸ்பாட்டிங். ஆர்.ஆர். எனும் பின்னணி இசை வேலை தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டியது. புதிதாகக் குறும்படம் செய்யும் அனிமேஷன் இயக்குநர்களோடு எடிட்டராக உட்கார்ந்து பார்த்ததில், தடுமாற்றம் எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறது. படம் முழுக்க இசை கேட்கிறார்கள்.

காரணம் அவர்கள் பார்க்கும் பிரதியில் இருக்கிறது. நடிகர்களை வைத்து எடுத்த படம் என்றால் காற்று, செருப்புச் சத்தம், தூரத்து லாரி என்று லொகேஷனில் பதிவான ஏதோ ஒன்று காட்சியோடு ஒட்டிக்கொண்டு வரும். அனிமேஷனில் நாமாக வைக்காத சத்தம் ஒன்றுகூட இருக்காது. அந்த வெறுமை தாங்காமல்தான் கை இசையை நோக்கிப் போகிறது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் சத்தம், பிறகு மௌனம், அதற்குப் பிறகே இசை.

உதாரணத்துக்கு நாங்கள் செய்த ஒரு பத்து நிமிடப் படத்தையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளம். தாத்தா உப்பு வாருகிறார், பேத்தி பக்கத்தில் இருக்கிறாள், பருவம் தப்பி மழை வருகிறது. அதில் ஒரு நிமிடத்துச் சொச்சக் காட்சியை மட்டும் நெருக்கமாகப் பார்ப்போம்.

1. பிரதியைத் தயார் செய்யுங்கள்

எடிட் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அனிமேஷன் வேலை முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில ஷாட்கள் இன்னும் ஸ்டோரிபோர்டாகவோ கரடுமுரடான அசைவாகவோ இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஷாட்டின் நீளமும் முடிவாகியிருக்க வேண்டும். நீளம் மாறினால் அதற்குப் பின்னால் குறித்த எல்லா இடமும் நகர்ந்துவிடும்.

படத்தின் மேல் டைம்கோட், அதாவது மணி:நிமிடம்:வினாடி:ஃப்ரேம் என்று ஓடும் எண், பதிந்திருக்கட்டும். படம் 01:00:00:00-இல் தொடங்குவதாக வையுங்கள். அதற்குச் சரியாக இரண்டு வினாடி முன்னால், 00:59:58:00-இல், ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ஒரு ‘பிப்’ சத்தமும் திரையில் ஒரு மின்னலும். படம் முடிந்து இரண்டு வினாடி கழித்து இன்னொரு ‘பிப்’. முன்னால் வைப்பதை எல்லோரும் வைக்கிறார்கள், பின்னால் வைப்பதைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். எங்களைக் காப்பாற்றியது பின்னால் வைத்ததுதான். ஒருமுறை அனிமேஷன் 24 ஃப்ரேமில் இருக்க, ஏற்றுமதி 23.976-இல் போய்விட்டது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான், பத்து நிமிடத்தில் அது 0.6 வினாடி, அதாவது 14 ஃப்ரேம். முதல் பிப் பொருந்தியது, முதல் நிமிடமும் பொருந்தியது. கடைசி பிப் மட்டும் அரை வினாடிக்கு மேல் தள்ளிக் கேட்டது. அந்தப் பிப் இல்லாவிட்டால் இசை எழுதி முடித்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

அடுத்து சத்தம். வசனம் டப்பிங்கில் முடிவான குரலாக இருக்கட்டும், அல்லது நீளமாவது முடிவாகியிருக்கட்டும். அதோடு தற்காலிகமாகவேனும் எபெக்ட்ஸ் போடுங்கள். உப்பளம் என்றால் காற்று, உப்பு வாரும் பலகையின் கரகரப்பு, காலடி, மழை. சுத்தமாக இருக்க வேண்டாம், போனில் பதிவு செய்ததே போதும். இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்த்துவிட்டு ஸ்பாட்டிங்குக்குப் போனால், எபெக்ட்ஸ் செய்ய வேண்டிய இடத்தையெல்லாம் இசைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வருவீர்கள். பிறகு மிக்ஸிங்கில் இரண்டும் மோதும்.

வசனம், எபெக்ட்ஸ், எடிட்டில் தற்காலிகமாக ஒட்டி வைத்த டெம்ப் இசை மூன்றும் தனித்தனி ட்ராக். டெம்ப் இசையை ஒரே பொத்தானில் அணைக்க முடிய வேண்டும். ஏன் என்பது அடுத்த படியில்.

ஒரு சின்ன விஷயம்: ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் சத்தம் தாமதமாக வரும், நுழையும் இடத்தை ஃப்ரேம் கணக்கில் பேசுவதே வீண். கம்பி போட்ட ஸ்பீக்கரில் முதல் பிப்பையும் திரையில் மின்னும் ஃப்ரேமையும் ஒத்துப்பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

2. முதல் ஓட்டத்தில் யாரும் பேச வேண்டாம்

டெம்ப் இசையை அணைத்துவிட்டு, படத்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். இயக்குநர் படத்தை நூறு முறை பார்த்தவர். இசையமைப்பாளர் அன்றுதான் முழுசாகப் பார்க்கிறார் என்றால் அந்த முதல் பார்வை ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். எங்கே அவர் முன்னால் சாய்ந்தார், எங்கே தண்ணீர் பாட்டிலை எடுத்தார் என்று எடிட்டர் கவனித்துக்கொள்வது நல்லது. பாட்டிலை எடுத்த இடத்தில் சிக்கல் எடிட்டில் இருக்கலாம். இசையால் அதை மூட முயன்றால் நீளமான ஷாட் நீளமாகவேதான் தெரியும்.

டெம்ப் இசையோடு முதலில் பார்த்தால் அதுதான் காதில் உட்காரும். அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் “இது மாதிரி, ஆனா இது வேண்டாம்” என்றாகிவிடும். டெம்ப்பைப் போட்டுக்காட்ட வேண்டிய நேரம் கடைசியில் வரும்.

3. மௌனத்தை முதலில் குறியுங்கள்

இரண்டாவது ஓட்டத்தில் நிறுத்தி நிறுத்திப் போகலாம். ஆனால் இசை எங்கே என்று கேட்காமல், எங்கே இசை வரவே கூடாது என்று கேட்டு முதலில் அந்த இடங்களுக்குக் கோடு போடுங்கள். இசைக்கு முதலில் இடம் கொடுத்தால் மௌனத்துக்கு மிச்சம்தான் கிடைக்கும். மிச்சத்தில் வரும் மௌனத்துக்கு வடிவம் இருக்காது.

எங்கள் படத்தில் இயக்குநருக்குச் சந்தேகமே இல்லாத ஓர் இடம் இருந்தது. உப்புக் குவியலை மழையிலிருந்து மூடிய ஓலையைக் காற்று பிய்த்துக்கொண்டு போன பிறகு தாத்தா அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். குவியல் கரைகிறது. 01:05:38:00 முதல் 01:06:12:00 வரை 34 வினாடி. வெறும் மழை. அதைத்தான் முதலில் குறித்தோம். குறித்தவுடன் அதற்கு முந்தைய இசையின் கடைசி ஃப்ரேம் தானாகவே முடிவாகிவிட்டது பாருங்கள். மௌனத்தின் தொடக்கம் என்பது முந்தைய இசையின் முடிவுதான். முன்னால் இசை ஓடிக்கொண்டிருந்தால்தான் அது நின்றது காதில் படும். பத்து நிமிடமும் இசையே இல்லாத படத்தில் மௌனம் என்று தனியாக எதையும் காட்ட முடியாது.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை, தாளில் “மௌனம்” என்று மட்டும் எழுதுவது. இசையமைப்பாளர் அதை இசை இல்லை என்று படிப்பார், எபெக்ட்ஸ் செய்பவர் எதுவுமே இல்லை என்று படிப்பார். “இசை இல்லை, மழை மட்டும்” என்று முழுசாக எழுதுங்கள். எல்லா ஒலியையும் அறுப்பது வேறு விஷயம். தியேட்டரில் அப்படிச் செய்தால் இரண்டு மூன்று வினாடிக்குப் பிறகு ஏ.சி. சத்தமும் யாரோ இருமுவதும்தான் கேட்கும்.

இரண்டு இசைத் துண்டுகளுக்கு நடுவே ஏழெட்டு வினாடி இடைவெளி விழுந்தால் நான் அதைச் சந்தேகப்படுவேன். அது ட்ராக் அறுந்த மாதிரி கேட்கும். இடைவெளியை நீட்டுங்கள், அல்லது இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

4. நுழையும் ஃப்ரேமைத் தேடுங்கள்

அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான். எங்கள் காட்சி இப்படிப் போகிறது. தாத்தா பலகையால் உப்பு வாருகிறார். 01:04:31:10-இல் உப்பின் மேல் ஒரு துளி விழுகிறது, க்ளோசப். 01:04:36:18-இல் பேத்தி அண்ணாந்து பார்க்கிறாள். 01:04:41:00-இல் “தாத்தா, மழை” என்கிறாள். தாத்தா திரும்பவில்லை. 01:04:44:00-இல் பலகை நிற்கிறது. மூன்றரை வினாடி முதுகு மட்டும். பிறகு பலகையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்.

இயக்குநர் துளி விழும் ஃப்ரேமில் கை வைத்தார். யாராக இருந்தாலும் அங்கேதான் வைப்பார்கள், அவ்வளவு அழகான ஷாட். இசையமைப்பாளர் கேட்டார்: “அந்தத் துளிய யாரு பார்த்தா?”

“நாமதான் சார்.”

“அந்தப் புள்ள?”

“இன்னும் பார்க்கல.”

“அப்ப அவளுக்கு முன்னாடி நான் எதுக்கு ஓடிப்போய்ச் சொல்லணும்?”

நுழையும் இடத்துக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. இசை யாருடைய அறிவோடு நுழைகிறது? துளியில் நுழைந்தால் ஆபத்தைப் படமே அறிவிக்கிறது. பேத்தி பார்க்கும்போது நுழைந்தால் அவளுடைய பயம். பலகை நிற்கும்போது நுழைந்தால் தாத்தாவின் கணக்கு: இத்தனை குவியல், இத்தனை ஓலை, இவ்வளவு நேரம். படம் தாத்தாவைப் பற்றியது. அதனால் 01:04:44:00.

அந்த ஃப்ரேமுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதுவரை பலகையின் கரகரப்பு ஒரே சீராக, 16 ஃப்ரேமுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. 24 ஃப்ரேம் படத்தில் 16 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 90 தட்டு. அது நின்ற இடத்தில் அதே 90-இல் தாளம் தொடங்கினால், பலகை விட்ட அடியை இசை எடுத்துக்கொள்கிறது. நுழைந்ததே தெரியாது. அனிமேஷனில் இந்த வசதி உண்டு. அசைவுகள் எண்ணப்பட்ட ஃப்ரேம்களில் வரையப்பட்டவை என்பதால் தாளம் படத்துக்குள்ளேயே கிடக்கிறது. 12 ஃப்ரேமுக்கு ஓர் அடி வைக்கும் நடை 120, 16 என்றால் 90. அனிமேட்டரிடம் கேட்டு இந்த எண்களை எழுதிக்கொண்டு போங்கள்.

பொதுவான சில பிழைகள். ஷாட் மாறும் ஃப்ரேமிலேயே நுழைப்பது மிக எடுப்பாகத் தெரியும், அந்த எடுப்பு வேண்டும் என்றால் மட்டும் செய்யுங்கள். வசனத்தின் முதல் சொல்லோடு நுழைத்தால் இசை அந்த வசனத்துக்குக் கருத்துச் சொல்வது போலிருக்கும். வசனம் முடிந்து கொஞ்சம் மூச்சு விட்டு நுழைத்தால் கேட்டவர் மனசில் நடப்பது போலிருக்கும். அசைவோடு பொருத்த வேண்டிய தட்டு ஓரிரு ஃப்ரேம் தாமதமாக வந்தால் கண் மன்னித்துவிடும். ஒரு ஃப்ரேம் முந்தினால்கூட உறுத்தும்.

கரடுமுரடாக இருக்கும் ஷாட்டில் ஓர் அசைவை வைத்து இடம் குறித்தால் அதன் பக்கத்தில் “தற்காலிகம்” என்று எழுதுங்கள். ஷாட் மாறும் இடம் நகராது. தலை திரும்பும் ஃப்ரேம், அனிமேட்டர் மெருகேற்றும்போது ஐந்தாறு ஃப்ரேம் நகரலாம்.

5. ஏறும் இடத்துக்கு இரண்டு புள்ளிகள்

“இங்கே எழணும் சார்” என்று ஒரு ஃப்ரேமைக் காட்டிவிட்டு இயக்குநர்கள் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். அது உச்சி. ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து வினாடியில் ஏறுவது அதிர்ச்சி, முப்பது வினாடியில் ஏறுவது இறுக்கம். உச்சியை மட்டும் கொடுத்தால் இசையமைப்பாளர் ஊகித்து எழுதுவார், நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள்.

எங்கள் காட்சியில் உச்சி 01:05:38:00, ஓலை பிய்ந்து பறக்கும் ஃப்ரேம். தொடக்கம் 01:05:06:00. அங்கே கேமரா பின்வாங்கி, மூடிய ஒரு குவியலுக்குப் பின்னால் மூடாத குவியல்கள் வரிசையாகக் கிடப்பதைக் காட்டுகிறது. முடியாத காரியம் என்பது அங்கேதான் நமக்குப் புரிகிறது. ஆக 32 வினாடி ஏற்றம்.

சிக்கல் மழையில் வந்தது. 01:05:20:00 முதல் அடைமழை. மழைச் சத்தம் கீழிருந்து மேல்வரை எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்கும், அதிலும் வயலின் மாதிரி மேலே ஒலிக்கும் கருவிகளை விழுங்கிவிடும். இசையும் ஏற, மழையும் ஏற, மிக்ஸிங்கில் இரண்டும் சேர்ந்து வெறும் இரைச்சலாகும். இதை மிக்ஸிங் மேஜைக்குத் தள்ளக் கூடாது, ஸ்பாட்டிங்கிலேயே யாருக்கு இடம் என்று தீர்க்க வேண்டும். தீர்த்தது இப்படி: 05:38 வரை இடம் இசைக்கு. மழை அடங்கியே இருக்கும், இசை செல்லோவும் தோல் கருவிகளுமாகக் கீழேயே நின்று ஏறும். 05:38-இல் இசை வெட்டென்று நிற்கும், மழை அப்போதுதான் முழு வலுவோடு வரும். பார்ப்பவருக்கு மழை திடீரென்று வலுத்த மாதிரி இருக்கும். உண்மையில் முன்னால் நின்றவர் விலகிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஏற்றத்தின் நடுவில் தாத்தாவின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு வேண்டும் என்று ஆசை வரும். அவர் 8 ஃப்ரேமுக்கு ஓர் அடி ஓடுகிறார், 90-க்குச் சரியாக இரட்டிப்பு, மாட்டிவிடுவது சுலபம். மாட்டினால் காட்சி உடனே வேடிக்கையாகிவிடும். அசைவைத் தொட்டுத் தொட்டுப் போகும் இசை பூனை எலியைத் துரத்தும் படத்துக்கு நன்றாக இருக்கும். இங்கே தாளம் ஒத்துப்போனால் போதும், அடிகள் எபெக்ட்ஸில் கேட்கட்டும். ஒரு துண்டில் கட்டாயம் பொருந்த வேண்டிய இடம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எங்களுடையது ஒன்றே ஒன்று, ஓலை.

6. எப்படி வெளியேறுகிறது என்று எழுதுங்கள்

முடியும் டைம்கோட் மட்டும் போதாது. மெல்லத் தேய்கிறதா, கடைசி ஸ்வரம் தானாக அடங்கும்வரை நிற்கிறதா, வெட்டென்று அறுகிறதா? தானாக அடங்க விட்டால் வால் இரண்டு மூன்று வினாடி நீளும், அந்த வால் அடுத்த காட்சியின் முதல் வசனத்தின் மேல் விழும். எங்கள் ஓலைக் காட்சியில் வால் விழுந்தால் 34 வினாடி மௌனத்தின் தலை மழுங்கிவிடும். அதனால் “வெட்டு, எதிரொலியும் வேண்டாம்” என்று எழுதினோம்.

7. குறிப்புத் தாள்

எண்ணிடும் முறை எளிது: ரீல் எண், நடுவில் M, பிறகு வரிசை எண். குறும்படம் ஒரே ரீல் என்பதால் 1M1, 1M2 என்று போகும். பாதியில் ஒரு துண்டு தேவையில்லை என்று தள்ளினால் அந்த எண்ணைக் காலியாக விடுங்கள், பின்னால் வருவதற்கு மறு எண் போடாதீர்கள். இரண்டாகப் பிரிந்தால் 1M3A, 1M3B. மறு எண் போட்ட அன்றே யாரோ ஒருவர் பழைய 1M4-ஐப் புது 1M4 இடத்தில் ஒட்டிவிடுவார்.

```
1M3  "ஓலை"     எடிட் பதிப்பு: v07
நுழைவு   01:04:44:00  பலகை நிற்கும் ஃப்ரேம் (உறுதி)
ஏற்றம்    01:05:06:00 முதல் 01:05:38:00 வரை
வெளி     01:05:38:00  வெட்டு, வால் இல்லை
நீளம்     54 வினாடி
யாருடையது: தாத்தாவின் கணக்கு. பேத்தியின் பயம் அல்ல
பொருந்த வேண்டியது: ஓலை பறப்பது மட்டும்
பிறகு    01:06:12:00 வரை இசை இல்லை, மழை மட்டும்
```

“யாருடையது” என்ற வரி கருவி பற்றிச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். “இங்கே புல்லாங்குழல்” என்று எழுதினால் புல்லாங்குழல்தான் வரும். பாத்திரம் என்ன நினைக்கிறது என்று எழுதினால் நீங்கள் யோசிக்காத ஒன்று வரலாம். எதிர்மறையாக ஒரு சொல் சேர்ப்பதும் பலன் தரும். “பேத்தியின் பயம் அல்ல” என்ற அந்த மூன்று சொற்கள் ஒரு முழுத் திருத்தச் சுற்றை மிச்சப்படுத்தின.

பதிப்பு எண்ணை ஒவ்வொரு துண்டிலும் போடுங்கள். எல்லாம் குறித்த பிறகு நீளங்களைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் இயக்குநர் வந்தபோது ஒன்பது நிமிட இசை மனசில் வைத்திருந்தார், கூட்டினால் ஐந்து நிமிடம் பத்து வினாடி வந்தது. சம்பளம், வாத்தியக்காரர்கள், நாள் கணக்கு எல்லாம் அந்தக் கூட்டலிலிருந்துதான் தொடங்கும்.

இப்போது வேண்டுமானால் டெம்ப் இசையைப் போட்டுக்காட்டலாம். போடும்போது அதில் எது பிடித்தது என்று ஒரே ஒரு அம்சத்தைச் சொல்லுங்கள்: வேகமா, அடர்த்தியா, நுழையும் விதமா. “எல்லாமே” என்று பதில் வந்தால் அணைத்துவிடுங்கள்.

8. பிறகு வரும் மாற்றம்

எடிட் பூட்டியாயிற்று என்று எல்லோரும் சொல்வார்கள், பிறகு ஒரு ஷாட்டைக் குறைப்பார்கள். அப்போது “கொஞ்சம் ட்ரிம் பண்ணிருக்கேன் சார்” என்று செய்தி அனுப்பாமல், எந்த டைம்கோடில் எத்தனை ஃப்ரேம் போனது, புதுப் பதிப்பு எண் என்ன என்று எழுதி, புதுப் பிரதியோடு அனுப்புங்கள்.

குறைப்பதற்கு முன்னால் ஒரு கணக்கும் போடலாம். 1M3-இன் 54 வினாடியில், 90 வேகத்தில் 81 தட்டுகள். நான்கு தட்டு ஓர் அளவு என்றால் 20 அளவு போக ஒரு தட்டு மிச்சம். இசையமைப்பாளர் நடுவில் ஓர் அளவை ஐந்து தட்டாக்கி அதைச் சரிக்கட்டியிருந்தார். கேட்டால் லேசாகத் தடுக்கும், ஓடும் கால் இடறுவது மாதிரி. அவருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

இரண்டு வாரம் கழித்து, ஓலையை எடுக்கும் ஷாட் நீளம் என்று இயக்குநர் 20 ஃப்ரேம் வெட்டினார். ஒரு தட்டு 16 ஃப்ரேம், ஆகவே 20 என்பது ஒரு தட்டும் கால் தட்டும். அப்படியே விட்டால் அதற்குப் பிறகு வரும் தாளம் முழுக்க நான்கு ஃப்ரேம் பிசகும், வேகத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். நான்கு ஃப்ரேமைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அந்த நான்கில் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கொடுத்தார். வெட்டு 16 ஃப்ரேமானது, ஓலை பறக்கும் இடம் 01:05:37:08-க்கு வந்தது, 81 தட்டு 80 ஆனது. சரியாக 20 அளவு. ஐந்து தட்டு அளவை இசையமைப்பாளர் அன்றைக்கே நீக்கிவிட்டார்.